படியெடுத்த பக்கத்தில் எஞ்சுவது

(கல்லூரி ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தட்டச்சு செய்த அசைன்மென்ட் வேண்டாம், கையால் எழுதியதைத்தான் வாங்குவோம் என்று சொல்லும் ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். கையெழுத்தே வழக்கமாக இருந்த இடங்களில் அந்தப் பழைய வழக்கத்துக்கு இப்போது புதிய காரணம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது. ஒரு கேள்வியைத் தட்டினால் நான்கு பக்க விடை வருகிறது. மாணவர் கைபேசியைச் சுவரில் சாய்த்துவைத்து, ஏ4 தாளில் மார்ஜின் போட்டு, திரையில் இருப்பதை அப்படியே எழுதிவிடுகிறார். ஆசிரியரின் மேசைக்கு வருவது நீல மையில் எழுதிய நான்கு பக்கங்கள்.

அந்த நான்கு பக்கங்களில் இயந்திரத்தின் தடம் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்பதுதான் இந்த உரையின் பொருள். மிஞ்சியிருக்கும். ஆனால் மிஞ்சும் தடங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்பவை. 'இந்த மாணவர் எதையோ பார்த்து எழுதினார்' என்பது ஒன்று. 'பார்த்தது இயந்திரம் எழுதியதை' என்பது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டால் குற்றமற்ற பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

பேனா எதை அழிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கணினிக் கோப்பு தன்னைப் பற்றிய செய்திகளைத் தன்னோடு சுமந்து வருகிறது: யார் உருவாக்கியது, எவ்வளவு நேரம் திருத்தியது, ஒவ்வொரு எழுத்தாக வந்ததா, மொத்தமாக ஒட்டப்பட்டதா. தாளில் இது எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத குறிகளும் போய்விடுகின்றன. 2025 ஏப்ரலில், சில புதிய மாதிரிகளின் விடைகளில் U+202F என்னும் ஒடுங்கிய இடைவெளி ஆங்காங்கே இருப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். சாதாரண இடைவெளிக்கும் அதற்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பேனாவுக்கோ எல்லா இடைவெளியும் ஒன்றுதான். தமிழிலும் இப்படி ஓர் ஒளிவிடம் உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்குள் வேறு வேறு. கையால் எழுதியதும் அந்த வேறுபாடு இல்லாமல் போகிறது.

அசட்டையால் ஒட்டிக்கொண்டு வரும் தடங்களும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். 2023 ஆகஸ்டில் 'ஃபிசிக்கா ஸ்கிரிப்டா' என்ற இயற்பியல் இதழில் வந்த ஒரு கட்டுரையின் நடுவில் `Regenerate response` என்ற சொற்கள் கிடந்தன. அன்றைய சாட்ஜிபிடி திரையில் இருந்த பொத்தானின் பெயர் அது. துலூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியோம் கபனாக் அதைக் கண்டு சொன்னார். கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டது. சுட்டியால் இழுத்து ஒட்டுகிறவர் எதையும் படிப்பதில்லை, அதனால் பொத்தானின் பெயரும் கூடவே வந்துவிடுகிறது. கையால் எழுதுகிறவர் ஒவ்வொரு சொல்லையும் ஒரு கணமாவது பார்த்தாக வேண்டும். அதனால் இந்த வகைப் பிழை நோட்டில் குறைவு.

ஆக, கோப்புக்குச் சொந்தமானவை எல்லாம் கோப்போடு போயின. எழுத்தின் சொற்களுக்குள்ளேயே இருப்பது எது? மிக நுட்பமான தடம் அங்கேதான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மொழி மாதிரி ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாக எழுதுகிறது. ஒரு துண்டு என்பது ஒரு முழுச் சொல்லாகவோ சொல்லின் பகுதியாகவோ இருக்கலாம். ஒவ்வொரு படியிலும் அடுத்து வரக்கூடிய துண்டுகளின் பட்டியலும், ஒவ்வொன்றும் வருவதற்கான வாய்ப்பும் அதனிடம் இருக்கும். 'கனமழையால் பள்ளிகளுக்கு விடுமுறை' என்று எழுதியாயிற்று. அடுத்தது 'விடப்பட்டது' ஆகலாம், 'அளிக்கப்பட்டது' ஆகலாம், 'அறிவிக்கப்பட்டது' ஆகலாம். மூன்றும் நல்ல தமிழே. எதை எழுதினாலும் படிப்பவருக்கு உறுத்தாது.

இந்தச் சுதந்திரத்தில்தான் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஜான் கிர்ச்சன்பவரும் அவருடைய சகாக்களும் 2023-இல் ஒரு நீர்க்குறியை ஒளித்துவைத்தார்கள். ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் குறியின் பெயரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் வழி இது. முந்தைய துண்டையும் ஒரு ரகசிய எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டு, மாதிரியின் சொற்பட்டியல் முழுவதையும் பச்சை, சிவப்பு என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். முந்தைய துண்டு மாறினால் பிரிவும் மாறும். 'விடுமுறை'க்கு அடுத்து 'அளிக்கப்பட்டது' பச்சையாக இருந்தால், வேறொரு சொல்லுக்கு அடுத்து அதே 'அளிக்கப்பட்டது' சிவப்பாக இருக்கலாம். மாதிரி எழுதும்போது பச்சைத் துண்டுகளின் வாய்ப்பைச் சற்றே கூட்டிவிடுகிறார்கள். வேறு வழியில்லாத இடத்தில் சிவப்பும் வரும். வழி இருக்கும் இடங்களில் பச்சை அதிகம் வரும்.

மனிதர் எழுதிய பக்கத்தில், ரகசிய எண் அவருக்குத் தெரியாது என்பதால், ஏறத்தாழப் பாதி பச்சையாகவும் பாதி சிவப்பாகவும் விழும். 200 துண்டுகள் கொண்ட ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். காசு சுண்டுவதைப் போல, அதில் சராசரியாக 100 பச்சை இருக்கும். வழக்கமான ஏற்ற இறக்கம் ஏழு. 107, 93 எல்லாம் சாதாரணம். 114 கொஞ்சம் அபூர்வம். நீர்க்குறியிட்ட மாதிரி எழுதிய பத்தியில் 140 பச்சை இருந்தால், அது சராசரியிலிருந்து ஐந்தரை மடங்கு ஏற்றத்துக்கும் அப்பால். மனிதர் எழுதிய பத்தி தற்செயலாக அந்த எண்ணிக்கையைத் தொடும் வாய்ப்பு பத்துக் கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

இந்தக் குறி எங்கே இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வந்தது என்ற தேர்வில் மட்டுமே அது இருக்கிறது. எழுத்துருவிலோ இடைவெளியிலோ கோப்பிலோ இல்லை. எனவே மாணவர் அந்தப் பத்தியை நீல மையில் எழுதினாலும் குறி அப்படியே தாளுக்கு வந்துவிடுகிறது. கரும்பலகையில் எழுதினாலும், தொலைபேசியில் வாசித்துக் காட்ட மறுமுனையில் ஒருவர் எழுதிக்கொண்டாலும் வந்துவிடும். அது தன்னிடம் இருப்பது அந்த மாணவருக்கும் தெரியாது, படித்துப் பார்க்கும் ஆசிரியருக்கும் தெரியாது.

படியெடுக்கும்போது சொற்கள் சிந்தாமல் இருப்பதில்லை. ஒரு துண்டு மாறினால் அதன் நிறமும் போகிறது, அடுத்த துண்டின் நிறத்தைத் தீர்மானித்ததும் அதுவே என்பதால் அடுத்ததும் போகிறது. 200 துண்டுகளில் நூற்றுக்கு ஐந்து மாறியதாகக் கொண்டால், அடுத்தடுத்த துண்டுகளின் சோடிகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு சேதமில்லாமல் தப்புகின்றன. பச்சை எண்ணிக்கை 140-லிருந்து சுமார் 136 ஆகிறது. தற்செயல் வாய்ப்பு இப்போதும் ஐம்பது லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. கவனக்குறைவான படியெடுப்பு குறியை அழிப்பதில்லை.

மாணவர் வேண்டுமென்றே மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'அளிக்கப்பட்டது' என்பதை 'விட்டார்கள்' ஆக்குகிறார், வாக்கியத்தை முன்பின்னாகத் திருப்புகிறார், நூற்றுக்கு முப்பது துண்டுகள் மாறிவிடுகின்றன. சோடிகளில் பாதிதான் தப்பும். பச்சை எண்ணிக்கை 120-ஐ ஒட்டி வந்து நிற்கும். மனிதர் எழுதிய பத்தி தற்செயலாக இதைத் தொடும் வாய்ப்பு ஏறத்தாழ நானூறில் ஒன்று. கேட்பதற்கு இது பலமான சான்று போல இருக்கும். ஆனால் துறையில் நானூறு பேர் அசைன்மென்ட் கொடுத்திருந்தால், தானே உட்கார்ந்து எழுதிய ஒரு பிள்ளையாவது இந்தக் கணக்கில் சிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டுதான் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

நீளம் கூடினால் நிலைமை மாறும். மேரிலாந்துக் குழுவே அடுத்த ஆய்வில், நீர்க்குறியிட்ட உரையை மனிதர்களிடம் கொடுத்து முழுக்கத் தங்கள் சொற்களில் மாற்றி எழுதச் சொன்னது. அப்படி எழுதிய பின்பும், சராசரியாக 800 துண்டுகள் கிடைத்தால், லட்சத்தில் ஒருவரைத் தவறாகப் பிடிக்கும் அளவுக்கு மட்டுமே இடம்கொடுத்துக் குறியைக் கண்டுகொள்ள முடிந்தது. மாற்றி எழுதுகிறவரும் சில இடங்களில் மூலத்தின் சொற்றொடரை அப்படியே விட்டுவைக்கிறார்; அந்தத் தீவுகளில் குறி தங்கிவிடுகிறது. வேறு மொழிக்குப் பெயர்த்துவிட்டால் தீவுகளும் மூழ்கிவிடும். ஆங்கிலத்தில் விடை வாங்கித் தமிழாக்கி எழுதும் மாணவரின் தாளில் இந்தக் குறியைத் தேடிப் பயனில்லை. தேர்வுக்கே இடமில்லாத பகுதிகளிலும் தேடிப் பயனில்லை. கணிதச் சமன்பாடு, சட்டப் பிரிவு, மேற்கோள் காட்டிய செய்யுள் ஆகியவற்றில் அடுத்த சொல் ஒன்றே ஒன்றுதான். அங்கே எதையும் ஒளித்துவைக்க முடியாது.

தமிழ் உரையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கிலச் சொல் பல நேரங்களில் ஒரே துண்டாக இருக்கும். தமிழ்ச் சொல்லைப் பல மாதிரிகள் நான்கைந்து துண்டுகளாக வெட்டுகின்றன. 'பள்ளிக்குப் போனான்' என்று திரையில் இருக்கிறது. மாணவர் வழக்கம்போல் ஒற்றை விட்டு 'பள்ளிக்கு போனான்' என்று எழுதுகிறார். படிப்பவருக்கு அது சிறு சந்திப் பிழை. கணக்கிடும் நிரலுக்கோ அங்கே துண்டே வேறு. 'செய்து கொண்டிருந்தான்' என்று பிரித்து எழுதினாலும் சேர்த்து எழுதினாலும் அப்படித்தான். முந்தைய ஒரு துண்டை மட்டும் பார்க்காமல் நான்கு துண்டுகளைப் பார்க்கும் முறைகளும் இருக்கின்றன. அவற்றில் ஒரு மாற்றம் ஐந்து இடங்களைக் கெடுக்கும். ஒற்று விடும் பழக்கமுள்ள மாணவர் தெரியாமலே குறியைக் கணிசமாகக் கரைத்துவிடுகிறார்.

சோதிக்க வேண்டுமானால் அந்த நான்கு பக்கங்களையும் யாராவது தட்டச்சு செய்தாக வேண்டும். அப்போது நல்ல தமிழாசிரியரின் விரல் ஒற்றைத் தானாகவே போட்டுவிடும். விசித்திரம் என்னவென்றால், அப்படிப் போட்டால் மாணவர் உடைத்த துண்டுகள் மறுபடி ஒட்டி, குறி பலப்படவும் கூடும். மாணவர் எழுதாத ஒன்றைச் சேர்த்துவிட்டு அதையே அவருக்கு எதிரான சான்றாக வைப்பது முறையா? முறை இல்லை. எழுதியதை எழுதியபடி, பிழையோடு தட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் ரகசிய எண் வேண்டும். அது நிறுவனத்திடம் இருக்கிறது. கூகுள் டீப்மைண்ட் தன் சிந்த்ஐடி முறையை 2024 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் விளக்கியது. ஜெமினியின் ஏறத்தாழ இரண்டு கோடி விடைகளில் அதைச் சோதித்து, பயனர்கள் தர வேறுபாடு எதையும் உணரவில்லை என்று காட்டியது. ஓபன்ஏஐ நிறுவனத்தில் கணினி அறிவியலர் ஸ்காட் ஆரன்சன் 2022-லேயே இதையொட்டிய ஒரு முறையை வடிவமைத்தார். அது கையில் தயாராக இருந்தும் வெளியிடவில்லை என்பதை 2024 ஆகஸ்டில் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. வேறொரு மாதிரியிடம் கொடுத்து மாற்றி எழுதினால் குறி போய்விடும் என்பதும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் மேல் களங்கம் விழும் என்பதும் அது சொன்ன தயக்கங்கள். ஒரு கல்லூரி ஆசிரியர் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு இந்தக் குறியைத் தானே எண்ணிப் பார்க்கும் நிலை இன்று இல்லை.

குறி இல்லாத உரையை 'இது இயந்திரம் எழுதியது' என்று ஊகித்துச் சொல்லும் மென்பொருள்கள் கடையில் கிடைக்கின்றன. சொற்கள் எவ்வளவு எதிர்பார்த்தபடி வருகின்றன என்பதைத்தான் அவற்றுள் பல அளக்கின்றன. எளிய சொற்களில் நேராக எழுதினால் அவற்றின் கண்ணுக்கு அது இயந்திரம். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளிடம், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வில் எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாக நூற்றுக்கு 61 கட்டுரைகளை இயந்திர எழுத்து என்று அவை சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் இந்தத் தவறு மிகக் குறைவு. ஓபன்ஏஐ தானே வெளியிட்ட கருவி இயந்திர எழுத்தில் நூற்றுக்கு 26-ஐத்தான் பிடித்தது, மனித எழுத்தில் நூற்றுக்கு 9-ஐத் தவறாகப் பிடித்தது; 2023 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு, தெரிந்த ஆயிரம் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு கட்டுரை எழுதும் மாணவிதான் இந்தக் கருவிகளின் முதல் பலி. அவருடைய கட்டுரையை இவற்றில் போட்டுப் பார்ப்பது அநியாயம்.

இனி மற்றொரு வகைத் தடம். இது இயந்திரத்தினுடையது இல்லை, படியெடுக்கும் கையினுடையது. இதைப் படிக்கும் கலை பழையது.

படியெடுப்பவர் ஒரு பார்வையில் நாலைந்து சொற்களை மனத்தில் வாங்கி, தாளுக்குத் திரும்பி எழுதி, மறுபடி மூலத்துக்குப் போகிறார். திரும்பிப் போகும் கண் கடைசியாக எழுதிய சொல்லைத் தேடும். அதே சொல் அடுத்த வரியிலும் இருந்தால் கண் அங்கே போய் இறங்கிவிடும். நடுவில் இருந்தது முழுவதும் விடுபடும். வாடிகன் நூலகத்திலுள்ள நான்காம் நூற்றாண்டு விவிலியப் படியில், யோவான் நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் இதற்குப் புகழ்பெற்ற சான்று இருக்கிறது. சீடர்களை உலகத்தைவிட்டு எடுத்துவிட வேண்டாம், தீயோனிடமிருந்து காத்தால் போதும் என்று இயேசு வேண்டும் இடம் அது. ஒரே சொற்கள் இரண்டு முறை வருவதால் நடுவரி விடுபட்டு, தீயோனிடமிருந்து அவர்களை எடுத்துவிட வேண்டாம் என்று வேண்டுவதுபோல் ஆகிவிட்டது. தானே சிந்தித்து எழுதுகிறவர் இந்தப் பிழையைச் செய்ய முடியாது.

மாணவரின் நோட்டில் இது எப்படித் தெரியும்? நொய்யல் ஆற்றின் மாசு பற்றிய அசைன்மென்ட் என்று வைத்துக்கொள்வோம். திரையில் இருப்பது: 'நொய்யலில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அணையில் தேங்கிய நீரைத் திறந்துவிட்டபோது கீழே உள்ள கிணறுகள் உப்பேறின.' நோட்டில் இருப்பது: 'நொய்யலில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீரைத் திறந்துவிட்டபோது கீழே உள்ள கிணறுகள் உப்பேறின.' சாயக்கழிவுக்குப் பயனிலை இல்லை. எழுவாய் அந்தரத்தில் நிற்கிறது. முதல் 'அணையில் தேங்கி'யிலிருந்து இரண்டாவதுக்குக் கண் தாவியதன் வடு இது. மூலம் கையில் இல்லாமலே, ஏதோ ஒரு மூலம் இருந்தது என்பதை இந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறது.

எழுத்துப் பிழைகளும் இரண்டு வகை. மனத்திலிருந்து எழுதுகிறவர் ஒலியில் தடுமாறுவார்: ரகரமும் றகரமும், லகரமும் ளகரமும் மாறும். பொருள் தெரியாத சொல்லைப் பார்த்து எழுதுகிறவர் உருவில் தடுமாறுவார்: 'விழுமியம்' அவர் கையில் 'விமுழியம்' ஆகும், 'பன்முகத்தன்மை' ஓர் எழுத்தை இழந்து 'பன்முத்தன்மை' ஆகும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் வராத பிழை இது. ஒரே பக்கத்தில் எளிய சொற்களில் ஒலிப்பிழையும் கடினமான சொற்களில் உருப்பிழையும் இருந்தால், எளிய சொற்கள் அவர் மனத்தின் வழியாகவும் கடினமானவை கண்ணின் வழியாகவும் வந்திருக்கின்றன என்று கொள்ளலாம்.

ஆனால் இவை சொல்வது 'பார்த்து எழுதினார்' என்பதை மட்டுமே. பார்த்தது கைபேசித் திரையா, நூலகப் புத்தகமா, அண்ணனின் பழைய நோட்டா, தானே எழுதிய ரஃப் தாளா? கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ரஃபில் எழுதிப் பிறகு ஃபேர் நோட்டில் படியெடுப்பது நம் பள்ளிகள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். தன் கட்டுரையையே படியெடுக்கும் நேர்மையான மாணவியின் கண்ணும் வரி தாவும். அடித்தல் திருத்தல் இல்லாத பக்கம் என்பதும் அவருக்கு எதிரான சான்று ஆகாது. ரஃப் தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே இங்கே வழி. இயற்றி எழுதிய தாளில் வாக்கியம் பாதியில் கைவிடப்பட்டிருக்கும், பின்னால் தோன்றிய கருத்து ஓரத்தில் அம்புக்குறியோடு நுழைந்திருக்கும், பத்தி இடம் மாறியிருக்கும்.

ஓலைகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் இன்னொன்றையும் கற்றுத் தந்திருக்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டே பாடத்தைத் தீர்மானித்தார். ஐரோப்பாவில் கார்ல் லாக்மன் பெயரால் வழங்கும் முறையின் அடிப்படையும் ஒப்பீடுதான்: இரண்டு படிகளில் ஒரே விசித்திரமான பிழை இருந்தால் இரண்டுக்கும் பொதுவான ஒரு மூலம் இருந்திருக்க வேண்டும். சரியான பாடம் எங்கிருந்தும் வரலாம், பிழைக்கு மட்டும்தான் பிறந்த வீடு உண்டு.

இயந்திர எழுத்தின் பிறந்த வீட்டைக் காட்டும் பிழை ஒன்று இருக்கிறது. அது இல்லாததை இருப்பதாகச் சொல்வது. 2023-இல் நியூயார்க்கின் ஃபெடரல் நீதிமன்றத்தில், ஏவியங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனு முன்தீர்ப்புகள் பலவற்றை மேற்கோள் காட்டியது. எதிர்த்தரப்பு தேடியது, நீதிபதி தேடினார். அவற்றில் சில எங்கும் இல்லை. சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய வழக்குகள் அவை. ஜூன் மாதம் நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். அந்த மனுவை மையில் எழுதியிருந்தாலும், தட்டெழுத்துப் பொறியில் அடித்திருந்தாலும், வேறு மொழிக்குப் பெயர்த்திருந்தாலும் அந்த இல்லாத வழக்குகள் அப்படியேதான் இருந்திருக்கும். சொல்லை மாற்றினால் நீர்க்குறி போகும். இல்லாத புத்தகத்தின் பெயரை மாற்றி எழுத மாணவருக்குத் தோன்றாது, அது இல்லை என்பதே அவருக்குத் தெரியாது.

தமிழ் அசைன்மென்ட்டில் இதைச் சோதிக்க எளிய இடம் திருக்குறள் எண். அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பதால் 391 முதல் 400 வரை கல்வி, 781 முதல் 790 வரை நட்பு. நட்பு அதிகாரத்துக் குறள் என்று சொல்லி 391 என்று எண் போட்டிருந்தால், எழுதியவர் புத்தகத்தைத் திறக்கவில்லை என்பது உறுதி. கட்டுரை முடிவில் உள்ள துணைநூல் பட்டியலையும் அப்படியே நூலகத்தில் தேடிப் பார்க்கலாம். உண்மையான ஆசிரியர் பெயரோடு அவர் எழுதாத நூலின் தலைப்பு சேர்ந்திருக்கும். அதுவும் ஆண்டோடும் பதிப்பகத்தோடும் இருக்கும். மனிதரின் மறதியில் ஆண்டு பிசகும், தலைப்பில் ஒரு சொல் மாறும். பிசகே இல்லாத வடிவத்தில் முழுக்க இல்லாத ஒரு நூல் வந்து நிற்பது மனித மறதியின் பழக்கம் இல்லை. இரண்டு மாணவர்களிடம் ஒரே இல்லாத நூல் இருந்தால் இருவரும் ஒரே திரையைப் பார்த்தார்களா, ஒருவர் நோட்டை மற்றவர் பார்த்தாரா என்பதை மட்டும் தனியே விசாரிக்க வேண்டும்.

இந்தத் தடங்கள் எல்லாம் தாளில் இருப்பவை. தாளுக்கு வெளியே, மாணவரின் மனத்திலும் ஒரு தடம் இருக்கிறது. வில்சன் டெய்லர் என்ற இதழியல் ஆய்வாளர் 1953-இல், ஓர் உரை படிக்க எவ்வளவு எளிது என்று அளப்பதற்காகச் சீரான இடைவெளியில் சொற்களை நீக்கி, வாசகரையே நிரப்பச் சொன்னார். பின்னாளில் அமெரிக்காவில் பார்பரா கிளாட் இதைத் திருப்பிப் பயன்படுத்தினார்: மாணவரின் கட்டுரையிலேயே ஐந்தாவது சொல் ஒவ்வொன்றையும் நீக்கி, அந்த மாணவரையே நிரப்பச் சொல்வது. ஒருவருடைய நடை அவருக்கே சொந்தம் என்பதால், தானே எழுதியவர் தன் சொற்களுக்கு விரைவாகத் திரும்பிவிடுவார் என்பது இதன் அடிப்படை. மென்பொருள் எதுவும் வேண்டாம். நோட்டிலிருந்து ஒரு பத்தியைக் கோடிட்ட இடங்களோடு எழுதிக் கொடுத்தால் போதும். சரியான விடைகளை எண்ணுவதோடு நிற்காமல், தவறிய இடங்களில் என்ன சொல் போட்டார் என்றும் பார்க்க வேண்டும். பொருத்தமான, ஆனால் எளிமையான வேறு சொற்களையே தொடர்ந்து போட்டிருந்தால், மாணவரின் சொந்த நடை அந்தக் கோடுகளின் மேல் தெரியும்; கட்டுரையின் நடை வேறு என்பதும் அதனாலேயே தெரியும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. கையால் எழுதுவது நினைவில் பதிக்கும் வேலை. நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படியெடுத்தவர் ஓரளவு மனப்பாடமே செய்திருப்பார். ஒரு பருவம் கழித்துக் கேட்டால் தானே எழுதியவரும் மறந்திருப்பார். எனவே வாங்கிய ஒரு வாரத்துக்குள், வகுப்பு முழுவதற்கும், யாரையும் தனியே நிறுத்தாமல் நடத்துவது நல்லது. எல்லாருக்கும் நடத்தினால்தான் தானே எழுதியவர்கள் சாதாரணமாக எத்தனை கோடுகளைச் சரியாக நிரப்புகிறார்கள் என்று தெரியும். அந்த அளவுக்கு வெகுவாகக் கீழே நிற்கும் மாணவரிடம் குற்றச்சாட்டோடு போக வேண்டியதில்லை. ரஃப் தாளைக் கேட்கலாம், துணைநூல் பட்டியலில் உள்ள ஒரு நூலை எங்கே பார்த்தார் என்று கேட்கலாம், ஒரத்துப்பாளையம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று கேட்கலாம்.